தொட்டபெட்டா எவ்வளவு உயரம்?

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கான ஒப்பீட்டுப் பயிற்சித்தாளில் மூன்று மலைகளைப் போடுங்கள்: எவரெஸ்ட் 8,849 மீட்டர், ஆனைமுடி 2,695, தொட்டபெட்டா 2,637. ஏறத்தாழ எல்லாப் பிழைகளும் இந்த மூன்றுக்குள்ளேயே வெளிப்பட்டுவிடும்.

முதலில் வருவது ‘ஆனைமுடி ஈஸ் ஹை தேன் தொட்டபெட்டா’. தமிழில் ‘விட’ என்று சேர்த்தாலே போதும், ‘உயரமான’ அப்படியே நிற்கும். பிள்ளை அதே பழக்கத்தில் ‘தேன்’ மட்டும் சேர்த்துவிட்டு ‘ஹை’யை ‘ஹையர்’ ஆக்க மறந்துவிடுகிறது. திருத்தினால் மறுகோடிக்குப் போய் ‘மோர் ஹையர்’ என்று எழுதும். சின்னச் சொல்லுக்கு ‘அர்’, ‘பியூட்டிஃபுல்’ மாதிரி நீளமான சொல்லுக்கு முன்னால் ‘மோர்’. இரண்டும் சேர்ந்து வராது.

அடுத்து, ‘தொட்டபெட்டா ஈஸ் த ஹையஸ்ட் பீக்’. எங்கே என்று சொல்லாதவரை இது சரியா தவறா என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் என்றால் சரி. தென்னிந்தியா என்றால் கேரளத்தின் ஆனைமுடி முந்திவிடும், உலகம் என்றால் எவரெஸ்ட். ஆகவே கோடிட்ட இடத்தை ‘இன்’ என்பதற்குப் பின்னும் விட வேண்டும். பெரும்பாலான தாள்கள் ‘ஹையஸ்ட்’ என்ற சொல்லுக்கு மட்டும் இடம் விட்டு நிறுத்திக்கொள்கின்றன.

‘ஆஸ்–ஆஸ்’தான் உண்மையில் குழப்புவது. ‘தொட்டபெட்டா ஈஸ் நாட் ஆஸ் ஹை ஆஸ் ஆனைமுடி’ என்றால் தொட்டபெட்டா ஆனைமுடி அளவுக்கு உயரமில்லை, அதாவது குறைவு. இரண்டு ‘ஆஸ்’களுக்கு நடுவே ‘ஹை’ மட்டுமே வரும், ‘ஹையர்’ வராது. புரிந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மலைகளின் பெயரை இடம் மாற்றி, அதே செய்தியை ‘ஹையர் தேன்’ வைத்து எழுதச் சொல்லுங்கள். ‘ஆனைமுடி ஈஸ் ஹையர் தேன் தொட்டபெட்டா’ என்று வந்தால் புரிந்திருக்கிறது. பெயரை மாற்றாமலே எழுதினால், பிள்ளை வடிவத்தை மனப்பாடம் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

விதிக்கு அடங்காத சொற்களில் ‘குட், பெட்டர், பெஸ்ட்’ சீக்கிரம் படிந்துவிடும். ‘பேட்’ அப்படியல்ல: ‘வர்ஸ்’, ‘வர்ஸ்ட்’ இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். பின்னால் ‘தேன்’ இருந்தால் ‘வர்ஸ்’, முன்னால் ‘த’ இருந்தால் பெரும்பாலும் ‘வர்ஸ்ட்’ என்று அடையாளம் காட்டிக் கொடுக்கலாம்.

ஆட்களைப் பற்றிய தாளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘ரவி ஈஸ் எல்டர் தேன் மாலா’ என்று நம் ஊரில் பெரியவர்களே சொல்வார்கள். ‘எல்டர் பிரதர்’ சரி. ‘தேன்’ வந்தால் ‘ஓல்டர்’தான். ரவிக்கும் மாலாவுக்கும் ஒரே வயது என்றால் ‘ரவி ஈஸ் ஆஸ் ஓல்ட் ஆஸ் மாலா’. இருவரும் கிழவர்கள் என்று அதற்குப் பொருளில்லை!

ஆசிரியர்களுக்கு ஒன்று: ‘டாலர்’, ‘ஃபேட்டர்’ பழக வகுப்புப் பிள்ளைகளின் பெயரைப் போடாதீர்கள். கற்பனைப் பெயர்களே போதும்.