வரம்பைத் தளர்த்தும் உரிமை யாருக்கு?

திட்டத்தில் எழும் எல்லா இடர்களையும் அதன் புரவலரிடம் கொண்டுசெல்ல இயலாது. எவை செல்ல வேண்டும் என்பதை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன. இலக்கை அடைய அவர் எவ்வளவு இடரை ஏற்க விரும்புகிறார் என்பது இடர் விருப்பம். எவ்வளவு விலகலைப் பொறுத்துக்கொள்வார் என்பது இடர் சகிப்பு. எந்தப் புள்ளியைக் கடந்தால் முடிவு அவரிடம் வர வேண்டும் என்பது இடர் வரம்பு.

1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடத்தை ஏவுவதற்கு முந்தைய இரவு, ராக்கெட் இணைப்பு வளையங்களின் வெப்பநிலை 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் ஏவக் கூடாது என்று பொறியாளர்கள் வாதிட்டனர். அதுவே வரம்பு. ஆனால், அவர்களுடைய நிறுவன நிர்வாகம் அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. சிக்கல் தம் மட்டத்திலேயே தீர்ந்ததாக நாசாவின் இடைநிலை மேலாளர்கள் கருதினர். இறுதி முடிவெடுத்தோருக்கு அந்த விவாதமே எட்டவில்லை. மறுநாள் 36 டிகிரியில் ஏவப்பட்ட விண்ணோடம் சிதறி, ஏழு பேர் மாண்டனர்.

முந்தைய பயணங்களிலும் வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தன. விபத்து நேராததால் சகிப்பு சத்தமின்றி விரிந்தது. கட்டுப்பாட்டுக்குத் தொடர்ந்து விலக்கு அளிக்கப்பட்டது. விலக்குகள் பெருகுவதே ஆபத்தின் அறிகுறி. ஆகவே, வரம்பு மீறப்படுவது மட்டுமன்று, வரம்பு தளர்த்தப்படுவதும் புரவலரின் முடிவுக்கே செல்ல வேண்டும்.