மொட்டை மாடியில் வளைகாப்பு

அடுக்ககத்தின் மொட்டை மாடி பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. மேல்தளக்காரரின் தனிச்சொத்து அல்ல. அங்கே வளைகாப்பு நடத்துகிறவர் தேதி, நேரம், விருந்தினர் எண்ணிக்கையை முன்கூட்டியே சங்கத்துக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும்.

பெரிய சேதம் பந்தல்காலால்தான் வருகிறது. தளத்தில் துளை போட்டால் தட்டோடு விரிசல் விட்டு, ஐப்பசி மழையில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். மணல் நிரப்பிய டிரம்மில் காலை நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கயிறு கட்ட விடாதீர்கள்.

முன்பணத்தைத் திருப்பித் தரும்முன், மழைநீர்க் குழாயில் சோறும் இலையும் அடைத்திருக்கிறதா என்று சங்கத்தார் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது நல்லது.

படிக்கட்டில் நாற்காலி அடுக்கக் கூடாது. ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும். அது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி, அதைத் தளர்த்தச் சங்கத்துக்கு அதிகாரமில்லை.