பாக்கியைச் சுமக்கும் சுற்று

முதல்படி சிக்மா-டெல்டா மாடுலேட்டர், உள்ளே வரும் மின்னழுத்தத்தை +1, −1 என்ற இரண்டே விடைகளால் சொல்லிவிடுகிறது. 0.25 வந்தாலும் 0.9 வந்தாலும் ஒரு நேரத்தில் அதனால் சொல்ல முடிவது இந்த இரண்டில் ஒன்றுதான். விடை கிட்டத்தட்ட எப்போதும் தவறு. ஆனால் தொடர்ந்து வரும் விடைகளின் சராசரி சரியாக இருக்கும். இந்த ஏற்பாட்டை 1962-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இனோசே, யசுதா, முராகாமி மூவரும் வெளியிட்டார்கள். அவர்கள் வைத்த பெயர் டெல்டா-சிக்மா. பின்னாளில் அது திருப்பிப் போடப்பட்டது. இன்று இரண்டு பெயரும் புழங்குகின்றன.

சுற்றில் இருப்பவை கொஞ்சம்தான். உள்ளீட்டிலிருந்து கடைசியாகச் சொன்ன விடையைக் கழிக்க ஓர் இடம், அந்த மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டே போகும் இன்டக்ரேட்டர், சேர்ந்த தொகை சுழிக்கு மேலா கீழா என்று மட்டும் பார்க்கும் ஒரு பிட் குவான்டைசர். குவான்டைசரின் விடைதான் வெளியீடு. அதுவே கழிக்கும் இடத்துக்குத் திரும்பவும் போகிறது. இன்டக்ரேட்டர் ஒன்றே இருப்பதால்தான் இது முதல்படி. சில்லறை இல்லாத கடைக்காரர் மீதியைப் பாக்கியாக எழுதிவைத்து அடுத்த முறை கணக்கில் நேர் செய்வதைப் போன்ற வேலை இது.

உள்ளீடு 0.25 என்று நிலையாக இருக்கட்டும். இன்டக்ரேட்டர் 0-இல் தொடங்கட்டும். சுழியோ அதற்கு மேலோ இருந்தால் விடை +1. முதல் விடை +1. உள்ளீட்டை விட 0.75 கூடுதலாகச் சொல்லியாயிற்று. எனவே இன்டக்ரேட்டர் −0.75-க்கு இறங்குகிறது. அடுத்த விடை −1, இப்போது 1.25 குறைவாகச் சொன்னதால் தொகை 0.5-க்கு ஏறுகிறது. இப்படியே போனால் இன்டக்ரேட்டரின் மதிப்புகள் 0, −0.75, 0.5, −0.25, 1, 0.25, −0.5, 0.75 என்று வந்து, எட்டாவது அடியின் முடிவில் மறுபடி 0-ஐத் தொடும். விடைகள் + − + − + + − +. ஐந்து கூட்டல், மூன்று கழித்தல். கூட்டினால் 2, எட்டால் வகுத்தால் 0.25.

இதில் தற்செயல் எதுவும் இல்லை. உள்ளீடுகளின் கூட்டுத்தொகைக்கும் விடைகளின் கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்டக்ரேட்டரில் நிற்கிறது. உள்ளீடு +1-க்கும் −1-க்கும் இடையில் இருக்கும்வரை அந்தப் பாக்கி ஒரு சிறு எல்லையைத் தாண்டாது. பாக்கி வளராமல் விடைகளின் எண்ணிக்கை மட்டும் வளர்ந்தால், சராசரியில் அதன் பங்கு தேய்ந்துகொண்டே போகும். இந்தச் சுழற்சி இல்லாமல் குவான்டைசரை மட்டும் வைத்துக்கொண்டு 0.25-ஐ ஆயிரம் முறை கேட்டாலும் ஆயிரம் முறையும் +1 என்றுதான் பதில் வரும்.

இதையே அதிர்வெண் மொழியில் சொன்னால் இரைச்சல் எங்கே போகிறது என்பது தெரியும். குவான்டைசர் ஒவ்வொரு முறையும் செய்யும் பிழையை e என்று வைத்துக்கொண்டால், பாக்கியைச் சுமப்பதன் விளைவாக வெளியீட்டில் தெரிவது e அல்ல. இந்த முறை செய்த பிழையிலிருந்து போன முறை செய்த பிழையைக் கழித்தது.

```
v[n] = u[n-1] + e[n] - e[n-1]
```

இதில் u உள்ளீடு, v வெளியீடு. உள்ளீடு ஓர் அடி தாமதமாக, உருமாறாமல் வந்து சேர்கிறது. பிழைக்கு மட்டும்தான் இந்தக் கழித்தல். பிழையில் மெதுவாக மாறும் பகுதி அடுத்தடுத்த இரண்டு அடிகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் கழிபட்டுப் போகிறது. அடிக்கு அடி குறி மாறும் பகுதியோ கழிக்கும்போது இரட்டிக்கிறது. மாதிரி எடுக்கும் வேகம் F என்றால், f என்ற அதிர்வெண்ணில் பிழை 2 sin(πf/F) மடங்காகிறது. F-இல் ஆறில் ஒரு பங்குக்குக் கீழே இரைச்சல் தணிகிறது, அதற்கு மேலே பெருகுகிறது. மொத்தக் கணக்குப் பார்த்தால் இரைச்சலின் திறன் குறைவதே இல்லை, இரு மடங்காகிறது. அது வேண்டாத இடத்துக்குத் தள்ளப்படுகிறது, அவ்வளவுதான். பின்னால் வரும் டிஜிட்டல் வடிகட்டி அந்த மேல் பகுதியை வெட்டி எறிந்தால்தான் பலன் கைக்கு வரும்.

தொலைபேசிக் குரலை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரை போதும். நொடிக்கு 8,000 மாதிரிகள் குறைந்தபட்சத் தேவை. மாடுலேட்டரை 64 மடங்கு வேகத்தில், நொடிக்கு 5,12,000 மாதிரிகளாக ஓட்டினால், 1 கிலோஹெர்ட்ஸில் பிழை ஏறக்குறைய எண்பதில் ஒன்றாகவும், 4 கிலோஹெர்ட்ஸில் இருபதில் ஒன்றாகவும் சுருங்குகிறது. பிழை எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறிக் கிடப்பதாக வைத்துக்கொண்டால், முழு வீச்சில் வரும் குரல் குரல்பட்டையில் மிஞ்சும் இரைச்சலை விட சுமார் 51 டெசிபெல் மேலே நிற்கும். அது 8 பிட் மாற்றியின் தரம்.

தள்ளும் வித்தை இல்லாமல், இரைச்சல் எல்லா அதிர்வெண்ணிலும் சமமாகப் பரவிக் கிடந்தால், அதே 64 மடங்கு வேகம் சுமார் 20 டெசிபெல்தான் தரும். வேகத்தை இரட்டிப்பதற்கு அங்கே கிடைக்கும் கூலி 3 டெசிபெல், அதாவது அரை பிட். சிக்மா-டெல்டாவில் ஒவ்வோர் இரட்டிப்புக்கும் 9 டெசிபெல், ஒன்றரை பிட். வேகத்தை மட்டும் நம்பி 51 டெசிபெல்லை எட்ட வேண்டுமானால் சுமார் 83,000 மடங்கு தேவைப்படும். குரலுக்காக நொடிக்கு 66 கோடி மாதிரிகள்!

பிழை ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கிறது என்ற அனுமானத்தில்தான் முதல்படிச் சுற்றின் பலவீனம் இருக்கிறது. மேலே பார்த்த 0.25 எடுத்துக்காட்டிலேயே பிழை எட்டு அடிக்கு ஒருமுறை அச்சுப்பிசகாமல் திரும்பி வந்தது. அதில் ஒழுங்கின்மை எங்கே? உள்ளீடு சுழியாக இருந்தால் வெளியீடு + − + − என்று மாறி மாறி ஓடும். அது 256 கிலோஹெர்ட்ஸ், காதுக்கு எட்டாது. ஆனால் பேச்சு இல்லாத நேரத்தில் முழு அளவில் 512-இல் ஒரு பங்கு நிலை மின்னழுத்தம் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டிருந்தால், ஏறக்குறைய 512 அடிக்கு ஒருமுறை இந்த ஓட்டம் தடுமாறி இரண்டு கூட்டல்கள் சேர்ந்து விழும். நொடிக்கு 1,000 தடுமாற்றம் என்பது 1 கிலோஹெர்ட்ஸ் ஊளை. அதன் வீச்சு முழு அளவில் 256-இல் ஒரு பங்கு. குரல்பட்டை முழுவதிலும் எதிர்பார்த்த இரைச்சலை விட இந்த ஒரே ஒலியின் திறன் அதிகம். உள்ளீட்டை மெதுவாக நகர்த்தும்போது ஊளையின் சுருதியும் கூடவே நகர்ந்தால், அது வெளியிலிருந்து புகுந்த ஒலி அல்ல, மாடுலேட்டருடையதுதான் என்று கண்டுகொள்ளலாம்.

இன்டக்ரேட்டரில் கசிவு இருந்தால் இன்னொரு கோளாறு வருகிறது. அதிலுள்ள ஆம்ப்ளிஃபயரின் பெருக்கம் 1,000 என்றால், முழு அளவில் 2,000-இல் ஒரு பங்குக்கும் குறைவான உள்ளீட்டை அது கவனிப்பதே இல்லை. சேர்ந்த பாக்கி குவான்டைசரைப் புரட்டும் முன்பே கசிந்துவிடுகிறது. வெளியீடு + − + − என்றே ஓடிக்கொண்டிருக்கும்.

ஊளைக்கு ஒரு மருந்து, வேண்டுமென்றே சிறிது ஒழுங்கற்ற இரைச்சலைக் குவான்டைசருக்கு முன்னால் கலந்து தாளத்தைக் குலைப்பது. இன்னொன்று, இரண்டாவது இன்டக்ரேட்டரைச் சேர்ப்பது. அப்போது பிழை இரண்டு முறை கழிபட்டு, இரட்டிப்புக்கு 15 டெசிபெல் கிடைக்கிறது; பிழையின் ஓட்டமும் சிக்கலாவதால் ஊளை பெருமளவு அடங்குகிறது. ஒலிக்கான மாற்றிகளில் முதல்படிச் சுற்றைத் தனியாகப் பார்ப்பது அரிதாக இருப்பது இதனால்தான்.