காலிச் சட்டி கிடைக்காத கல்லீரல்

சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். திங்கள் இரவு சாப்பிட்டதுதான் அவருக்குக் கடைசிச் சோறு. செவ்வாய் முழுக்க இரண்டு டீயோடு ஓட்டிவிட்டார். அன்று மாலை ஏழு மணிக்குக் கூலி கைக்கு வந்ததும் ஒரு குவார்ட்டர், தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் ஊறுகாய். வீட்டுத் திண்ணையிலேயே படுத்துவிட்டார். புதன் காலை ஆறு மணிக்கு மனைவி எழுப்புகிறார். அசைவில்லை. உடம்பு சில்லென்று இருக்கிறது, சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது. “இன்னும் தெளியல, தூங்கட்டும் விடு” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஆள் கற்பனை. ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எந்த மருத்துவரும் இவரை அடையாளம் கண்டுகொள்வார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து குளுக்கோமீட்டரில் வைத்தால் 32 என்று காட்டும். வெறும் வயிற்றில் 70-க்குக் கீழே இறங்கக் கூடாத எண் அது. அவர் போதையில் கிடக்கவில்லை. மூளைக்குச் சர்க்கரை கிடைக்காமல் கிடக்கிறார்.

அந்த இரவில் கல்லீரலுக்குள் நடந்தது என்ன?

180 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் சுமார் 61 கிராம் வருகிறது. அதில் பெரும்பகுதியைக் கரைக்கும் பொறுப்பு கல்லீரலுடையது. அங்கே முதல் வேலையைத் தொடங்குவது ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி. பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது: ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றுவது. கழற்றியதை ஏதாவது ஒன்றில் வைக்க வேண்டுமே? அதற்கு உடம்பு வைத்திருக்கும் பாத்திரம் என்.ஏ.டி.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்போம். மேலே போன சட்டி காலியாகிக் கீழே வந்தால்தான் அடுத்த கலவையை அள்ள முடியும். என்.ஏ.டி. காலிச் சட்டி. ஹைட்ரஜன் ஏறியதும் அது என்.ஏ.டி.எச். என்ற நிறைசட்டி. செல்லுக்குள் சட்டிகளின் எண்ணிக்கை கொஞ்சம்தான். ஒவ்வொன்றும் மைட்டோகாண்ட்ரியாவில் சுமையை இறக்கிவிட்டுத் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடாகிறது, பிறகு இன்னொரு நொதியால் அசிட்டேட்டாகிறது. படிக்கு ஒன்று வீதம், ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு சட்டிகளை நிரப்பிவிட்டுப் போகிறது. சர்க்கரையோ கொழுப்போ எரியும்போதும் சட்டி நிரம்பத்தான் செய்யும். ஆனால் அவற்றுக்குக் கடிவாளம் உண்டு. நிறைசட்டி குவிந்தால் அந்த எரிப்பு தானாகவே மந்தமாகும். ஆல்கஹாலுக்கு அப்படிக் கடிவாளம் எதுவும் பெரிதாக இல்லை. சேமித்து வைக்க இடமும் இல்லை. மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் என்ற கணக்கில், தீரும்வரை நொதி அரைத்துக்கொண்டே இருக்கும். மோர் குடித்தாலும் எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்தாலும் அந்த வேகம் கூடாது. நம் தொழிலாளியின் 61 கிராம் தீர அதிகாலை ஆகிவிடும். அதுவரை அவருடைய கல்லீரலில் காலிச் சட்டிக்குத் தட்டுப்பாடு.

இதே நேரத்தில்தான் இன்னொரு வேலைக்கும் அந்தச் சட்டி அவசரமாகத் தேவைப்படுகிறது. உடம்பு முழுவதிலும் ஓடும் ரத்தத்தில் உள்ள சர்க்கரை ஏறக்குறைய ஐந்து கிராம்தான், ஒரு டீஸ்பூன். மூளை மட்டுமே மணிக்கு அவ்வளவைத் தின்றுவிடும். சாப்பிடாத நேரத்தில் கல்லீரல் தன் இருப்பிலுள்ள கிளைகோஜனை உடைத்து ஈடு கொடுக்கும். ஏறக்குறைய ஒரு நாள் பட்டினியில் அந்த இருப்பு வறண்டுவிடும். அதன் பிறகு கல்லீரல் சர்க்கரையைப் புதிதாகத் தயாரித்தாக வேண்டும். தசையிலிருந்தும் ரத்த அணுக்களிலிருந்தும் வரும் லாக்டேட், தசைப் புரதம் சிதைந்து வரும் அலனின், கொழுப்பு கரைந்து வரும் கிளிசரால் ஆகியவைதான் அதற்கான சரக்கு.

லாக்டேட்டிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றினால்தான் அது பைருவேட் ஆகும். பைருவேட்டிலிருந்துதான் சர்க்கரைக்குப் பாதை. கழற்றிய ஹைட்ரஜனை வைக்கக் காலிச் சட்டி வேண்டும், இல்லை. கிளிசராலும் அப்படியே ஒரு படியில் நின்றுவிடுகிறது. அலனின் நேராகப் பைருவேட் ஆகிவிடும், தப்பித்தது என்று தோன்றும். ஆனால் நிறைசட்டிகள் குவிந்த இடத்தில் பைருவேட்டே அந்த ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு லாக்டேட்டாகத் திரும்பிவிடுகிறது. வண்டி பின்னோக்கி ஓடுகிறது. ரத்தத்தில் லாக்டேட் ஏறுகிறது, சர்க்கரை இறங்குகிறது.

இதை அழகாகக் காட்டியவர் ஹான்ஸ் கிரெப்ஸ். 1969-இல் அவரது குழு, பட்டினி போட்ட எலிகளின் கல்லீரலில் லாக்டேட்டைச் செலுத்திப் பார்த்தது. கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்ததுமே சர்க்கரை உற்பத்தி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. லாக்டேட்டுக்குப் பதில் பைருவேட்டைக் கொடுத்தபோது அந்தத் தடை இல்லை. தொழிற்சாலை பழுதாகவில்லை, வாசலில்தான் அடைப்பு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் குடிப்பவருக்கு இந்த விபத்து நேர்வது அபூர்வம். கிளைகோஜன் இருப்பு கை கொடுத்துவிடும். பட்டினியாளருக்கும், இருப்பு குறைவாக உள்ள சிறு குழந்தைக்கும்தான் ஆபத்து. மிச்சம் வைத்த டம்ளரைக் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் வீட்டில் தூங்கவைத்துப் பார்க்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். பெரியவரிடம் ஏமாற்றுவது இன்னொன்று: சர்க்கரை தரைதட்டும் வேளையில் ஆல்கஹால் ஏறக்குறைய தீர்ந்திருக்கலாம். வாயில் வாடைகூட இருக்காது.

மருத்துவமனையில் முதலில் நரம்பு வழியாக 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி, அதாவது 25 கிராம் சர்க்கரை ஏற்றுவார்கள். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின். அது வற்றிப்போன உடம்பில் சர்க்கரையை மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம். சர்க்கரைத் தாழ்வுக்கு வழக்கமாகப் போடும் குளுகோகான் ஊசி இங்கே பலிக்காது. அது கிளைகோஜனை உடைக்கச் சொல்லும் ஊசி, உடைக்க ஒன்றும் மிச்சமில்லையே. வீட்டில் மயங்கிக் கிடப்பவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

கொழுப்பின் கதையும் இதே சட்டிக் கணக்குதான். கொழுப்பமிலத்தை எரிப்பதில் ஒரு படிக்குக் காலிச் சட்டி தேவை, அது கிடைக்காமல் எரிப்பு தேங்குகிறது. இன்னொரு பக்கம், நிறைசட்டிகள் சர்க்கரைப் பாதையின் ஒரு துண்டை கிளிசரால் பாஸ்பேட்டாக மாற்றிவிடுகின்றன. எரியாமல் நிற்கும் கொழுப்பமிலங்களை மூன்று மூன்றாகக் கோத்து ட்ரைகிளிசரைடாக்க அதுதான் காம்பு. கல்லீரல் செல்களுக்குள் எண்ணெய்த் துளிகள் தேங்குகின்றன.

குடித்த ஆல்கஹால்தான் கொழுப்பாக மாறுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். 1999-இல் அமெரிக்காவில் தன்னார்வலர்களுக்கு 24 கிராம் ஆல்கஹால் கொடுத்து அளந்தபோது, ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகவே கொழுப்பானது. ஆனால் உடம்பு முழுவதும் கொழுப்பு எரிவது 73 சதவீதம் குறைந்தது. கல்லீரலிலிருந்து வெளியேறும் அசிட்டேட்டைத் தசைகள் முதலில் எரிக்கின்றன, கொழுப்பு வரிசையில் காத்திருக்கிறது. கூட வரும் சில்லி சிக்கனின் எண்ணெய் எங்கே போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டிக் கணக்கால் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. வருடக்கணக்கில் குடிப்பவரின் கல்லீரல் இன்னொரு நொதியையும் பெருக்கிக்கொள்கிறது. அது ஆல்கஹாலைக் கரைக்கும்போது என்.ஏ.டி.யை நிரப்புவதில்லை, வேறு வகையில் செல்லைச் சேதப்படுத்துகிறது. கொழுப்பைத் தயாரிக்கும் மரபணுக்களும் அதற்குள் முடுக்கப்பட்டிருக்கும். அதனால் சர்க்கரைத் தாழ்வு ஆல்கஹால் தீர்ந்து, சோறு இறங்கியதும் விலகிவிடும். கல்லீரலில் தேங்கிய கொழுப்பு கரைய, குடியை முழுதாக நிறுத்திய பிறகும் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் தழும்பு விழுந்திருந்தால் கொழுப்பு போன பிறகும் தழும்பு ஸ்கேனில் தெரியும்.