டிரெட்மில் சோதனையில் எஸ்டி பகுதி தாழ்வது ஏன்? அளப்பது எப்படி?

இதயக் கீழறைகளைச் சுருங்கத் தூண்டும் கியூஆர்எஸ் மின்னலை முடியும் ஜே புள்ளிக்கும், அடுத்து எழும் டி அலைக்கும் இடைப்பட்டதே எஸ்டி பகுதி. நடைவேகம் கூடும்போது, அடைப்புள்ள தமனி வழியே இதயத்தசையின் உட்பகுதிக்குப் போதிய இரத்தம் கிடைக்காவிடில், எஸ்டி பகுதி அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குகிறது.

வழக்கமான பதிவுத்தாளில் ஒரு சிறு கட்டத்தின் உயரம் 1 மில்லிமீட்டர், அகலம் 0.04 நொடி என்பதால், ஜே புள்ளியிலிருந்து இரு கட்டங்கள் தள்ளி, கியூஆர்எஸ் தொடங்கும் மட்டத்தோடு ஒப்பிட்டு ஆழம் அளக்கப்படுகிறது. வி5 பதிவில் ஜே புள்ளியிலும் இந்த அளவிடும் இடத்திலும் 1.5 மில்லிமீட்டர் தாழ்வு தொடர்ந்து மூன்று துடிப்புகளில் தெரிந்தால், கோடு கிடையாக ஓடுவதாலும் 1 மில்லிமீட்டர் வரம்பைத் தாண்டுவதாலும் சோதனை நேர்மறையெனக் கொள்ளப்படும். மாறாக, ஜே புள்ளியில் அதே தாழ்வு இருந்தும் கோடு விரைந்து மேலேறி 0.5 மில்லிமீட்டராகக் குறைந்தால், அது வேகத் துடிப்பின் இயல்பாகவே இருக்கலாம்.

இடது கிளை மின்தடை உள்ளவர்களிடமும் டிகாக்சின் உட்கொள்வோரிடமும் இத்தாழ்வு நம்பத்தக்க சான்றாகாது.