மௌனம் எப்போது சம்மதம்?

தன்னுடையது அல்லாததை ஒருவர் விற்க முடியாது. விற்றாலும் வாங்கியவருக்கு எதுவும் சேராது. விற்றவரிடம் என்ன உரிமை இருந்ததோ அதுதான் வாங்கியவருக்கு வரும், அதற்கு மேல் ஒரு சதுரடிகூட வராது. பத்திரப் பதிவு நடந்தது, முத்திரைத்தாள் வாங்கினோம், பணத்தை வங்கி வழியாகவே கொடுத்தோம் என்று எத்தனை காரணம் சொன்னாலும் இந்த அடிப்படை மாறாது. ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில், இந்த விதி வளைந்துகொடுக்கும் இடங்கள் சில உண்டு. அவற்றில் இரண்டு, 35-ஆம் பிரிவும் 41-ஆம் பிரிவும். இரண்டிலுமே உரிமை இல்லாத ஒருவர் சொத்தை எழுதிக்கொடுக்கிறார். இரண்டிலுமே உண்மையான உரிமையாளரின் நடத்தையால் அந்த எழுத்துக்கு உயிர் வந்துவிடக்கூடும்.

முதலில் 41. ஒரு சொத்தில் உரிமை உள்ளவர்கள், வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ சம்மதித்து, வேறொருவரை ஊரார் கண்ணுக்கு உரிமையாளராக உலவவிடுகிறார்கள். சட்டம் அவரை வெளித்தோற்ற உரிமையாளர் என்கிறது. அவர் அந்தச் சொத்தை விலைக்கு விற்கிறார். வாங்குபவர் விற்கிறவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்று நியாயமான அளவு விசாரித்து, நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால், பிறகு உண்மை உரிமையாளர் வந்து ‘அவருக்கு விற்க அதிகாரமே இல்லை’ என்று சொல்லிக் கிரயத்தைக் கலைக்க முடியாது.

இந்தக் கொள்கை சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இதைச் சொல்லிவிட்டது. ராம்குமார் குண்டு எதிர் மக்குயீன் என்ற 1872-ஆம் ஆண்டு வழக்கு அது. கல்கத்தாவில் ஒரு நிலம். பத்திரம் ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது, அவர் அதை விற்றுவிட்டார். பல ஆண்டுகள் கழித்து, அந்த நிலம் உண்மையில் வேறொருவர் பணத்தில் வாங்கியது, அந்தப் பெண் வெறும் பினாமி என்று சொல்லி அவர்வழி வாரிசு வழக்குப் போட்டார். பெயரையும் பத்திரத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, நம்பி வாங்கியவரிடம் ரகசிய உரிமையைக் காட்டி நிலத்தைத் திருப்பிக் கேட்பது நியாயமில்லை என்று தீர்ப்பானது. ஆனால் வாங்கியவருக்கு உண்மை தெரிந்திருந்தாலோ, விசாரிக்கத் தூண்டும் அறிகுறிகள் கண்முன் இருந்தாலோ இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதையும் அந்தத் தீர்ப்பு சேர்த்தே சொன்னது. நீதிமன்றங்களில் பெரும்பாலான சண்டை இந்த இரண்டாம் பாதியில்தான் நடக்கிறது.

நம் ஊர்களில் அடிக்கடி வரும் ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு மனை வாங்கினார். உயில் எழுதாமல் இறந்துபோனார். அம்மா முன்பே காலமாகிவிட்டார். ஒரு மகன், திருமணமாகி வெளியூரில் இருக்கும் இரண்டு மகள்கள். மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. மகன் தாலுகா அலுவலகம் போய்ப் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார், வரி கட்டினார், கம்பி வேலி போட்டார். சில வருடம் கழித்து மனை முழுவதையும் 60 லட்சத்துக்கு விற்றார். வாங்கியவர் பட்டாவைப் பார்த்தார், முப்பது வருட வில்லங்கச் சான்று எடுத்தார், எதுவும் இல்லை என்று திருப்தியானார். அடுத்த வருடம் சகோதரிகள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார்கள்.

வாங்கியவர் 41-ஆம் பிரிவைத்தான் கையில் எடுப்பார். அவர் பெரும்பாலும் தோற்பார். வில்லங்கச் சான்று, பதிவான ஆவணங்களைத்தான் காட்டும். ஒருவர் இறந்ததும், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும் அதில் வராது. பட்டா வருவாய்த் துறை ஆவணம், அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது. மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் அப்பாவின் பெயர் இருந்திருக்கும். அந்தப் பெயரைப் பார்த்த நொடியில் வாரிசுச் சான்று எங்கே, மற்ற வாரிசுகள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காதவர் நியாயமான கவனம் எடுத்தவர் ஆக மாட்டார். இதையெல்லாம் நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில்தான். 41 என்பது பொது விதிக்கு ஒரு விலக்கு, ஆகவே விலக்கைக் கேட்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று குர்பக்ஷ் சிங் எதிர் நிக்கா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசியில் அவருக்கு வந்து சேர்வது மகனின் மூன்றில் ஒரு பங்கு. கொடுத்த மிச்ச 40 லட்சத்துக்கு மகனைத் துரத்த வேண்டியதுதான்.

சகோதரிகள் இத்தனை வருடம் வாயே திறக்கவில்லையே, மௌனம் சம்மதம் ஆகாதா? ஊர் வழக்கில் ஆகும். இந்தப் பிரிவில் அவ்வளவு சுலபமாக ஆகாது. அண்ணன் குடும்பச் சொத்தைப் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்துச் சும்மா இருப்பது வேறு, அவர் ஒரே உரிமையாளராக ஊரில் காட்டிக்கொள்வது தெரிந்தும் அதற்கு இடம்கொடுப்பது வேறு. இரண்டாவதுதான் சட்டம் கேட்கும் சம்மதம்.

அதே கதையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அண்ணன் தொழிலுக்கு வங்கிக் கடன் கேட்டபோது, இரண்டு சகோதரிகளும் ‘மனை அண்ணனுக்கே சொந்தம், எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை’ என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். பட்டா மாற்றத்துக்கும் அப்படியே கையெழுத்துப் போட்டார்கள். வாங்குபவர் அந்த நகல்களைப் பார்த்தார், வாரிசுச் சான்றில் உள்ள பெயர்களோடு ஒப்பிட்டார், பிறகே பணம் கொடுத்தார். பதிவு செய்யாத அந்தக் காகிதங்களால் சகோதரிகளின் பங்கு அண்ணனுக்கு மாறிவிடாது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் உரிமையை விட்டுக்கொடுக்கப் பதிவான பத்திரம் தேவை. ஆகவே அண்ணன் முழு உரிமையாளர் ஆகவில்லை. ஆனால் முழு உரிமையாளராகத் தோற்றமளித்தார், அந்தத் தோற்றத்தைக் கொடுத்தவர்கள் சகோதரிகளே. இங்கே 41 வாங்கியவரைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. மாற்ற முடியாத காகிதம் ஒன்று, வழக்கையே மாற்றிவிடுகிறது.

இன்னும் சில எல்லைகள். இனாமாக வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, விலை கொடுத்திருக்க வேண்டும். உரிமையாளர் மைனர் என்றால் அவரால் சம்மதம் தரவே முடியாது, ஆகவே பிரிவு வேலை செய்யாது. ஆள்மாறாட்டம் செய்து போலிப் பத்திரம் போட்டவரிடம் வாங்கினால் எவ்வளவு நல்லெண்ணம் இருந்தும் பயனில்லை, உரிமையாளர் எதற்கும் சம்மதிக்கவில்லையே. பவர் வைத்திருப்பவரும் வெளித்தோற்ற உரிமையாளர் அல்ல, அவர் இன்னொருவருக்காகத்தான் விற்கிறேன் என்று பத்திரத்திலேயே சொல்கிறார். பினாமிச் சொத்துகளைப் பொறுத்தவரை 1988-இல் வந்து 2016-இல் கடுமையாக்கப்பட்ட பினாமித் தடைச் சட்டம், ‘உண்மையில் என் சொத்து’ என்று வழக்குப் போடும் கதவையே பெரும்பாலும் அடைத்துவிட்டது.

இனி 35. இதைத் தேர்வுக் கோட்பாடு என்பார்கள். இங்கே விற்பனை இருக்க வேண்டும் என்றில்லை, செட்டில்மெண்டிலும் வரும். நிபந்தனை இதுதான்: தனக்கு உரிமையில்லாத சொத்தை ஒருவர் மூன்றாம் ஆளுக்கு எழுதுகிறார், அதே ஏற்பாட்டில் உண்மை உரிமையாளருக்கும் ஒரு நன்மை கொடுக்கிறார். அப்போது உரிமையாளர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொண்டு, பறித்ததை எதிர்ப்பது என்ற இரட்டை ஆட்டம் கிடையாது.

ஒரு வீடு, மதிப்பு 8 லட்சம். அம்மா அதை உயிலில் மகளுக்கு எழுதிவிட்டுப் போனார். அது தன் வீடுதான் என்றே நினைத்த அப்பா, ஒரே செட்டில்மெண்ட் பத்திரத்தில் வீட்டை மகனுக்கும், 10 லட்சம் பெறும் தன் சொந்த மனையை மகளுக்கும் எழுதுகிறார். அப்பா தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. மகள் மனையை எடுத்தால் வீடு தம்பிக்குப் போகும். வீட்டை வைத்துக்கொண்டால் மனையை விட வேண்டும், அது அப்பாவிடமே திரும்பும். அவர் உயிரோடு இருந்தால் விஷயம் அத்தோடு முடியும். வேண்டுமானால் அவர் மகனுக்கு வேறு எதையாவது எழுதிக்கொள்வார்.

மகள் முடிவெடுப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டால் கணக்கு மாறும். மகள் வீட்டை வைத்துக்கொள்கிறார். திரும்பி வந்த 10 லட்சம் மனை, அப்பாவின் சொத்தாகிறது. ஆனால் அதன் மேல் ஒரு பொறுப்பு ஏறியிருக்கும். வீடு கிடைக்காமல் போன மகனுக்கு அதிலிருந்து 8 லட்சம் ஈடு செய்ய வேண்டும். மிச்சம் 2 லட்சம்தான் வாரிசுகளுக்குப் பொதுவில் நிற்கும், மகளும் அதில் பங்கு பெறுவார். பத்திரத்தால் அல்ல, வாரிசு என்ற முறையில். சட்டப் புத்தகத்தில் உள்ள உதாரணமும் இதே கணக்குதான், சுல்தான்பூர் பண்ணை என்ற பெயரில் 800 ரூபாய்க்கும் 1000 ரூபாய்க்கும்.

41-இல் சும்மா இருந்ததைச் சம்மதமாக எடுக்கத் தயங்கிய சட்டம், இங்கே அந்தத் தயக்கத்தை விட்டுவிடுகிறது. தேர்ந்தெடுக்கும் கடமை தனக்கு இருக்கிறது என்பதும், நிதானமாக யோசிப்பவர் பார்க்கும் விவரங்களும் தெரிந்து மகள் மனையை ஏற்றுக்கொண்டால், அதுவே தேர்வு. எதிர்ப்புத் தெரிவிக்கும் எந்தச் செயலும் இல்லாமல் இரண்டு வருடம் அனுபவித்துவிட்டால், அந்த விவரங்கள் தெரிந்திருந்தன என்றே கோர்ட் ஊகிக்கும். பழைய நிலைக்குத் திருப்ப முடியாதபடி சொத்தைப் பயன்படுத்திவிட்டாலும் அப்படியே. மனையைக் கூறுபோட்டு விற்றுவிட்ட பிறகு ‘வீடும் என்னுடையது’ என்று எழுந்து வர முடியாது. மகள் எதையுமே செய்யாமல் இருந்தால்? பத்திரத் தேதியிலிருந்து ஒரு வருடம் கழிந்ததும் அப்பாவோ அவர் வாரிசோ ‘முடிவைச் சொல்’ என்று கேட்கலாம். நியாயமான காலத்துக்குள் பதில் வரவில்லையென்றால், மகள் அந்த ஏற்பாட்டை ஒப்புக்கொண்டதாகவே கருதப்படும், வீடு தம்பிக்கு. மகள் மைனர் என்றால் மேஜராகும் வரை அல்லது அவர் சார்பில் தகுதியுள்ள ஒருவர் முடிவெடுக்கும் வரை தேர்வு தள்ளிப்போகும்.

இப்படி ஒரு பத்திர நகல் கைக்கு வரும்போது, நமக்குக் கிடைத்த பகுதியை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடுவது பலருக்கும் வழக்கம். சொத்து விவரப் பட்டியலில் அடுத்தவருக்கு என்ன போயிருக்கிறது, அதில் தன்னுடையது ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், மனைக்குப் பட்டா மாற்ற மனு கொடுப்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் முன்பே ஒரு வக்கீல் நோட்டீஸில் தன் நிலையைச் சொல்லிவிட வேண்டும். மனு கொடுத்த பிறகு அனுப்பும் நோட்டீஸுக்கு, எதிர்த்தரப்பு வக்கீல் அந்த மனுவின் நகலையே பதிலாக இணைத்து அனுப்புவார்.