லீவை நீட்டிக்கப் போறீங்களா? நடுவுல வர்ற சனி, ஞாயிறைப் பாருங்க!

போன வாரம் என்கூட வேலை பார்க்கும் தம்பி ஒருத்தன் போன் பண்ணினான். அப்பாவுக்கு மதுரையில் பித்தப்பை ஆபரேஷன். 9-ம் தேதி திங்கள் முதல் 13 வெள்ளி வரை 5 நாள் லீவு, ஏற்கெனவே அப்ரூவ் ஆனது. வியாழக்கிழமை டாக்டர், "தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிச்சிருக்கு, 19 வரைக்கும் இருக்கணும்"னு சொல்லிட்டார்.

"4 நாள்தானே அண்ணே, மேனேஜருக்கு வாட்ஸ்அப்ல சொல்லிடறேன்"னான். கையில் மிச்சம் 2 நாள் லீவு இருக்கு, மீதி 2 நாள் சம்பளப் பிடித்தம். மாதச் சம்பளம் 36,000. முப்பதால் வகுத்தா நாளைக்கு 1,200. ஆக 2,400 போகும். இதுதான் அவன் கணக்கு.

ஆனா அவன் கம்பெனியில் சாண்ட்விச் விதி உண்டு. வெள்ளியும் திங்களும் லீவுன்னா, நடுவுல வர்ற சனி, ஞாயிறும் லீவாகவே கணக்காகும். அப்போ நீட்டிப்பு 4 நாள் இல்லை, 6 நாள். பிடித்தம் 4,800! எல்லா கம்பெனியிலும் இந்த விதி கிடையாது, உங்க லீவு பாலிசியில் பார்த்துக்கோங்க.

திங்களன்று ஊரிலிருந்து தங்கச்சி வர்றதா இருந்தா. அதனால் அன்னைக்கு மட்டும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடியும்னு கேட்கச் சொன்னேன். அனுமதி கிடைச்சா சனி, ஞாயிறு தப்பிச்சிடும். 17 முதல் 19 வரை 3 நாள்தான் லீவு, பிடித்தம் வெறும் 1,200. (நிஜமாவே வேலை பார்க்க முடிஞ்சா மட்டும் கேளுங்க. வார்டுல உட்கார்ந்து ஒப்புக்கு லாகின் பண்றது வேண்டாம்.)

அவன் வியாழன் மாலையே அனுப்பின மெயில் இது:

"சார், அப்பாவின் சிகிச்சைக்காக 9 முதல் 13 வரை விடுப்பு பெற்றிருந்தேன். காயத்தில் தொற்று ஏற்பட்டதால் 19 வரை மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் இன்று சொன்னார். கடிதம் இணைத்துள்ளேன். 16 அன்று வீட்டிலிருந்து பணி செய்ய அனுமதியும், 17 முதல் 19 வரை விடுப்பும் வேண்டுகிறேன். இருப்பு 2 நாள் போக ஒரு நாளைச் சம்பளமில்லா விடுப்பாக வைக்கலாம். 20 அன்று அலுவலகம் வந்துவிடுவேன்."

முன்னாடி என்ன வாங்கினேன், எது மாறிச்சு, எப்போ தெரிஞ்சது, எப்போ திரும்புவேன். இவ்வளவுதான் விளக்கம். குடும்பக் கதை முழுசும் எழுதத் தேவையில்லை.

போர்ட்டலில் பழைய லீவைத் திருத்தாம, புதுசா ஒண்ணு போடச் சொன்னேன். சில சாஃப்ட்வேரில் திருத்தினா, அப்ரூவ் ஆன 5 நாளும் மறுபடி 'பெண்டிங்' ஆயிடும். சம்பளக் கணக்கு மூடுற நாள் அவங்களுக்கு 20. அதுக்குள் அப்ரூவ் ஆகலைன்னா 'ஆப்சென்ட்'னு விழும். பிடிச்ச காசு அடுத்த மாசம்தான் திரும்பும், ஆனா பைக் இஎம்ஐ 5-ம் தேதி காத்திருக்காது.

பதில் வராமலே தங்கிடறது இன்னும் ஆபத்து. 1946 நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதிகளில், லீவு முடிஞ்சு 8 நாளுக்குள் திரும்பி வந்து தக்க காரணம் சொல்லாத தொழிலாளி வேலை மீதான உரிமையை இழப்பார்னு இருந்தது. உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலும் இதேபோல ஒரு வரி இருக்கலாம், எடுத்துப் பாருங்க.

தம்பிக்கு வெள்ளி காலையிலேயே ஓகே வந்திடுச்சு. அப்பாவும் 19 சாயங்காலம் டிஸ்சார்ஜ்.